‘சீக்கிரம் வந்துடும்’ என்பது தேதி ஆகாது!

புது வேலையில் சேர்ந்தாயிற்று, அடையாள அட்டையும் லேப்டாப்பும் கைக்கு வந்தாயிற்று என்றால், வேலை உறுதியாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். ஐ.டி. நிறுவனங்களில் அதற்குப் பிறகும் ஒரு படி இருக்கிறது. ‘பின்னணி சரிபார்ப்பு முடிவதைப் பொறுத்தே இந்த நியமனம்’ என்று ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி இருக்கும். ஆங்கிலத்தில் சுருக்கமாக பி.ஜி.வி. என்பார்கள். படிப்பு, முந்தைய வேலை, முகவரி, அடையாளம் ஆகியவற்றை ஒரு வெளி ஏஜென்சி சரிபார்த்து அறிக்கை கொடுக்கும். அது சுத்தமாக வந்தால்தான் பல இடங்களில் வாடிக்கையாளரின் புராஜெக்டில் சேர்ப்பார்கள். வரவில்லை என்றால், வேலையில் இருந்தும் வேலை இல்லாத நிலை.

திருச்சி உறையூரைச் சேர்ந்த 28 வயதுப் பெண் ஒருவருக்கு இந்த நிலை வந்தது. கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவர். மே 30, வெள்ளிக்கிழமை அங்கே கடைசி நாள். ஜூன் 9, திங்கட்கிழமை சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தம்பியின் கல்லூரிக் கட்டணமும் வீட்டுக் கடன் தவணையும் இவர் சம்பளத்தில்தான் ஓடுகின்றன.

சேரும்போதே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்கள். பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரை 30 நாட்களுக்குள், அதாவது ஜூலை 9-க்குள் கொடுக்க வேண்டும். பழைய நிறுவனத்திலோ கணக்கு முழுவதும் தீர்த்த பிறகுதான் அந்தக் கடிதம் தருவார்கள். அதற்கு 45 நாட்கள் ஆகும் என்று அங்கிருந்த அக்கவுண்டன்ட் போனில் சொன்னார்.

ஜூன் 16 அன்று ஏஜென்சியிலிருந்து ஒரு மெயில் வந்தது. இரண்டு குறைகளைக் காட்டியிருந்தார்கள். ஒன்று, ரிலீவிங் லெட்டர் இல்லை. இரண்டு, பெயர் பொருந்தவில்லை. கல்லூரிச் சான்றிதழில் ‘எஸ்’ என்ற முன்னெழுத்தோடு பெயர் இருக்கிறது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது சகஜம். சென்னைக்கு வெளியே எங்கேயோ உட்கார்ந்து திரையைப் பார்க்கும் சரிபார்ப்பு ஊழியருக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

அந்தப் பெண் உடனே எச்.ஆர். அதிகாரிக்குச் சாட்டில் ஒரு செய்தி அனுப்பினார். ‘ரிலீவிங் லெட்டர் சீக்கிரம் வந்துவிடும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.’ ‘சரி, சீக்கிரம் அனுப்புங்கள்’ என்று பதில் வந்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்தார். ஜூன் 23 அன்று இன்னொரு மெயில் வந்தது. இந்த முறை அவருடைய மேனேஜருக்கும் ஒரு நகல் போயிருந்தது.

கடிகாரம் எங்கே நிற்கிறது?

அன்று இரவு பெரியப்பா மகனுக்குப் போன் செய்தார். அவர் பெங்களூரில் எட்டு ஆண்டுகளாக எச்.ஆர். பிரிவில் இருப்பவர்.

“அண்ணா, நான்தான் சொல்லிட்டேனே. அப்புறமும் ஏன் மேனேஜருக்கு அனுப்புறாங்க?”

“என்னன்னு சொன்னே?”

“லெட்டர் சீக்கிரம் வந்துடும்னு.”

“சீக்கிரம்னா எந்தத் தேதிம்மா?”

அவரிடம் பதில் இல்லை.

அண்ணன் தன் மேஜைப் பக்கத்திலிருந்து விளக்கினார். ஓர் எச்.ஆர். ஊழியரிடம் ஒரே சமயத்தில் நிறையப் பேருடைய சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கும். எல்லாம் ஓர் எக்செல் பட்டியலில் வரிசையாக இருக்கும். பணியாளர் எண், எந்தச் சரிபார்ப்பு நிற்கிறது, ஏன் நிற்கிறது, எப்போது வரும், மாற்று ஆவணம் என்ன இருக்கிறது என்று கட்டங்கள். ‘எப்போது வரும்’ என்ற கட்டத்தில் தேதி இருந்தால், அந்தத் தேதி வரை யாரும் துரத்த மாட்டார்கள். கட்டம் காலியாக இருந்தால், நினைவூட்டல் தானாகப் போகும். அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த நினைவூட்டல் மேனேஜருக்கும் சேர்ந்து போகும். இதில் யாருக்கும் கோபம் கிடையாது, பட்டியல் அப்படித்தான் வேலை செய்கிறது.

இன்னொன்றும் சொன்னார். ஏஜென்சி தன் வேலையை இத்தனை வேலை நாட்களில் முடிக்கிறேன் என்று நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டிருக்கும். ஆவணம் குறைகிறது என்று அவர்கள் குறித்துவிட்டால், அந்த நாள் கணக்கு அங்கேயே நின்றுவிடும். ‘இன்சஃபிஷியன்சி’ என்று மெயிலில் வருவது இதைத்தான். அதன் பிறகு ஓடுகிற ஒவ்வொரு நாளும் ஏஜென்சியின் கணக்கில் இல்லை, ஊழியரின் கணக்கில். ஏஜென்சிக்காரர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று இவர் நினைத்திருக்க, அவர்களோ இவருக்காகக் காத்திருந்தார்கள்.

தாமதம் யார் கையில்?

“எழுதுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தாமதமும் யார் கையில இருக்குன்னு பிரிச்சுப் பாரு” என்றார் அண்ணன்.

பெயர்ப் பிரச்னை அந்தப் பெண்ணின் கையில்தான் இருந்தது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினால் போதும் என்று ஏஜென்சி மெயிலிலேயே எழுதியிருந்தார்கள். இரண்டு நாள் வேலை. இதற்குத் திட்டமான தேதி கொடுக்கலாம், கொடுத்த தேதியைக் காப்பாற்றவும் முடியும்.

ரிலீவிங் லெட்டர் பழைய நிறுவனத்தின் கையில். இதற்கு இவர் தேதி கொடுக்க முடியாது. அவர்கள் சொன்ன தேதியை, அவர்கள் சொன்னதாகவே, ஆதாரத்தோடு கொடுக்கலாம்.

மூன்றாவது வகைத் தாமதமும் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு ஏஜென்சி கேட்டு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது அந்த வகை. அதில் ஊழியர் தேதியே சொல்லக் கூடாது. எப்போது அனுப்பப்பட்டது, எப்போது பதில் வரலாம் என்று அவர்தான் எச்.ஆரிடம் கேட்க வேண்டும். இவருக்குப் படிப்புச் சரிபார்ப்பு நல்லபடியாக முடிந்திருந்தது.

“45 நாள்னு யார் சொன்னது? மெயில்ல இருக்கா, வாய் வார்த்தையா?”

“அக்கவுண்டன்ட் போன்ல சொன்னார்ணா.”

“அப்ப அது கணக்குல வராது. மெயில்ல வாங்கு.”

மறுநாள், ஜூன் 24 அன்று, அந்தப் பெண் பழைய நிறுவனத்துக்கு மூன்று வரி மெயில் போட்டார். ‘மே 30 என் கடைசி வேலை நாள். அன்றிலிருந்து 45 நாட்களில், அதாவது ஜூலை 14-க்குள் ரிலீவிங் லெட்டர் கிடைக்கும் என்று போனில் தெரிவித்தீர்கள். புதிய நிறுவனத்தில் காட்ட வேண்டியிருப்பதால், இதை உறுதிப்படுத்தி ஒரு பதில் அனுப்ப வேண்டுகிறேன்.’ அவர்களாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றால் தள்ளிப்போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் இவரே எழுதிவிட்டதால், மாலைக்குள் ‘ஆம், உறுதி செய்கிறோம்’ என்று ஒரு வரி வந்துவிட்டது. நிறுவனத்தின் சொந்த மெயில் முகவரியிலிருந்து வந்த அந்த ஒரு வரிதான் பின்னால் பெரிதாக உதவியது.

அடுத்து, கடிதம் வரும்வரை வேறு எதைக் காட்டலாம் என்று தேடினார். ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயிலில் கடைசி நாள் மே 30 என்று தெளிவாக இருந்தது. மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள் இருந்தன. பி.எஃப். உறுப்பினர் தளத்தில் `Service History` பக்கத்தைத் திறந்து பார்த்தார். பழைய நிறுவனத்தில் சேர்ந்த தேதி சரியாக இருந்தது. வெளியேறிய தேதி மட்டும் காலியாக இருந்தது.

சின்ன நிறுவனங்களில் இது அடிக்கடி நடக்கும். ஆனால் சரிபார்ப்பவர் கண்ணுக்கு, இவர் இன்னும் பழைய வேலையிலும் இருக்கிறார் என்று தோன்றிவிடும். ஊழியரே `Mark Exit` மூலம் அந்தத் தேதியைப் பதிய வசதி இருக்கிறது. ஆனால் கடைசியாகப் பணம் கட்டப்பட்டு இரண்டு மாதம் ஆன பிறகுதான் அது திறக்கும். அதுவரை பழைய நிறுவனம்தான் பதிய வேண்டும். அதையும் மெயிலில் கேட்டு வைத்தார். இந்தக் காலிக் கட்டத்தை மறைக்காமல் எச்.ஆருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்தார்.

அப்பாவுக்கு அதில் உடன்பாடு இல்லை. “அவங்க கேட்கலையே, நாமளா ஏன் சொல்லணும்?” என்றார். அண்ணனின் பதில் வேறு மாதிரி இருந்தது. “சித்தப்பா, நாம முன்னாடியே சொன்னா அது தகவல். அவங்களா கண்டுபிடிச்சா அது முரண்பாடு.” சரிபார்ப்பு அறிக்கையில் பொதுவாகப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறங்கள் இருக்கும். ஆவணம் வரவில்லை, இன்னும் உறுதியாகவில்லை என்றால் ஆரஞ்சு. சொன்னதும் இருப்பதும் வேறு என்றால் சிவப்பு. ஆரஞ்சு நாளாக நாளாகப் பச்சையாகலாம். சிவப்பை மாற்றுவது கஷ்டம். அவசரத்துக்குக் கடிதம் தயார் செய்து தருகிறேன் என்று சொல்லும் ஆட்களிடம் போகக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். ஏஜென்சி அந்தக் கடிதத்தைப் பழைய நிறுவனத்துக்கே அனுப்பித்தான் கேட்கும்.

எழுதிய மெயில்

ஜூன் 25 காலை அந்த மெயில் போனது. சாட்டில் அனுப்பினால் மேலே போய்விடும், தேடி எடுக்க முடியாது என்பதால், ஏஜென்சி அனுப்பியிருந்த மெயிலுக்கே பதிலாக அனுப்பினார். ஆங்கிலத்தில் அவர் எழுதியது தமிழில் இப்படி இருக்கும்:

*பொருள்: பணியாளர் எண் – பின்னணி சரிபார்ப்பு – ரிலீவிங் லெட்டருக்கு ஜூலை 21 வரை அவகாசம் வேண்டி*

*வணக்கம். ஜூன் 9 அன்று பணியில் சேர்ந்தேன். என் சரிபார்ப்பில் இரண்டு விஷயங்கள் நிலுவையில் உள்ளன.*

*1. ரிலீவிங் லெட்டர்: பழைய நிறுவனத்தில் என் கடைசி நாள் மே 30. அவர்கள் 45 நாட்களில், ஜூலை 14-க்குள் கடிதம் தருவதாக உறுதி செய்துள்ளார்கள். அந்த மெயிலை இணைத்துள்ளேன். நமது கெடு ஜூலை 9. கடிதம் வந்த பிறகு ஏஜென்சி சரிபார்க்கவும் நாள் வேண்டும் என்பதால், ஜூலை 21 வரை அவகாசம் கேட்கிறேன். அதுவரை பார்வைக்கு: ராஜினாமா ஏற்பு மெயில், மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், பி.எஃப். பணி விவரம். பி.எஃப். பக்கத்தில் வெளியேறிய தேதி இன்னும் பதியப்படவில்லை. பதியச் சொல்லி ஜூன் 24 அன்று கேட்டுள்ளேன்.*

*2. பெயர் வேறுபாடு: நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தை ஜூன் 27 மாலைக்குள் ஏஜென்சியின் தளத்தில் பதிவேற்றுகிறேன்.*

*ஜூன் 30, ஜூலை 7, ஜூலை 14 ஆகிய நாட்களில் நிலவரத்தைத் தெரிவிக்கிறேன். இணைத்துள்ள ஆவணங்கள் இப்போதைக்குப் போதுமா, வேறு ஏதாவது தேவையா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.*

அவ்வளவுதான். வருத்தம், காரணம், குடும்பச் சூழ்நிலை எதுவும் அதில் இல்லை. மறுநாள் மதியம் பதில் வந்தது. ஜூலை 21 வரை அவகாசம் தரப்பட்டது. சம்பளச் சீட்டுகளோடு, சம்பளம் வரவான வங்கி விவரமும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதைச் சாட்டில் அனுப்பாமல் ஏஜென்சியின் தளத்திலேயே ஏற்றினார். வங்கி விவரம், ஆதார் போன்றவை சாட்டில் சுற்றாமல் இருப்பது நல்லது.

அந்த மெயிலில் கவனிக்க வேண்டியது ஜூலை 21 என்ற தேதி. பெரும்பாலானவர்கள் இங்கே ஜூலை 14 என்று எழுதிவிடுவார்கள். ஜூலை 14 கடிதம் கைக்கு வரும் நாள்தான். அதன் பிறகு அதைப் பதிவேற்ற வேண்டும், ஏஜென்சி எடுத்துப் பார்க்க வேண்டும், பழைய நிறுவனத்துக்கு மெயில் அனுப்பிப் பதில் வாங்க வேண்டும். இதற்கு ஐந்து வேலை நாட்கள் விட்டுத்தான் அவர் கேட்டார். நடுவே வரும் சனி, ஞாயிறும் கணக்கில் சேர்ந்தன. ஜூலை 14 வரை மட்டும் அவகாசம் கேட்டிருந்தால், இரண்டாவது முறை கேட்க வேண்டி வந்திருக்கும். இரண்டாவது முறை கேட்பவரின் தேதியை யாரும் அவ்வளவாக நம்புவதில்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, நிலவரம் தெரிவிப்பதாகச் சொன்ன மூன்று நாட்கள். கடிதம் வரும் நாள் அவர் கையில் இல்லை. மெயில் போடும் நாள் அவர் கையில் இருக்கிறது. அதனால் அதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

சொன்ன நாளில் வரவில்லை என்றால்?

ஜூன் 27 அன்று உறுதிமொழிப் பத்திரம் ஏறியது. ஜூன் 30-ம் தேதியும் ஜூலை 7-ம் தேதியும் ‘மாற்றம் இல்லை, ஜூலை 14 என்றே பழைய நிறுவனம் சொல்கிறது’ என்று ஒரு வரி அனுப்பினார். புதிதாக எதுவும் இல்லாதபோது எதற்கு மெயில் என்று தோன்றும். ஆனால் பட்டியலில் அந்தக் கட்டம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. மேனேஜருக்கு அதன் பிறகு ஒரு நினைவூட்டலும் போகவில்லை.

ஜூலை 14 வந்தது. கடிதம் வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை, புதன்கிழமை வருவார் என்றார்கள். மாலை ஐந்து மணிக்கு அதை அப்படியே எச்.ஆருக்கு எழுதினார். ‘இன்று வரவில்லை. ஜூலை 16 என்று சொல்கிறார்கள். ஜூலை 21-க்குள் முடிப்பது இப்போது இறுக்கமாக இருக்கிறது. ஜூலை 16 மாலை மீண்டும் எழுதுகிறேன்.’

ஜூலை 16 அன்று கடிதம் வந்தது. பதிவேற்றுவதற்கு முன் பெயர், பணியாளர் எண், பதவி, சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி ஆகிய ஐந்தையும் தன் பயோடேட்டாவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு தேதி தவறியிருந்தாலும் தாமதம் முரண்பாடாகிவிடும். எல்லாம் சரியாக இருந்தன.

ஜூலை 18 வரை அசைவில்லை. எச்.ஆரிடம் கேட்டபோது, ஏஜென்சி பழைய நிறுவனத்துக்கு மெயில் அனுப்பிவிட்டது, பதில் வரவில்லை என்றார்கள். எந்த நாளில், எந்த முகவரிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு வாங்கினார். பிறகு கோவை அக்கவுண்டன்டுக்குப் போன் செய்து, “சார், ஸ்பாம்ல ஒரு தடவை பார்த்துடுங்களேன்” என்றார். மெயில் அங்கேதான் கிடந்தது. முன்பின் தெரியாத ஏஜென்சியிலிருந்து வரும் மெயிலுக்குச் சிறிய அலுவலகங்களில் பெரும்பாலும் இந்தக் கதிதான்.

ஜூலை 21, திங்கட்கிழமை காலை பழைய நிறுவனம் பதில் அனுப்பியது. ‘பதில் போய்விட்டது, ஏஜென்சி முடித்து அனுப்புவது மட்டுமே பாக்கி’ என்று அன்றைக்கே எச்.ஆருக்கு எழுதினார். ஜூலை 22 அன்று அறிக்கை பச்சையாக வந்தது. கேட்ட தேதியிலிருந்து ஒரு நாள் தாண்டியிருந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த நாளில் எது, யாரிடம் நின்றது என்று எல்லாமே அந்த ஒரே மெயில் சங்கிலியில் இருந்தது.

இந்த வழிக்கு ஓர் எல்லையும் உண்டு. பழைய நிறுவனம் கடிதமே தர மறுத்தாலோ, நிறுவனமே மூடப்பட்டிருந்தாலோ, எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேதி கிடைக்காது. அப்போது மெயிலில் தேதிக்குப் பதிலாக வேறொன்று கேட்க வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கி வரவு, பி.எஃப். விவரம், வருமான வரித் தளத்தில் கிடைக்கும் வரிப் பிடித்த விவரம் ஆகியவற்றை வைத்து இந்தச் சரிபார்ப்பை முடிக்க முடியுமா என்று நேரடியாகக் கேட்பதே வழி. முடிவெடுப்பது நிறுவனம். ஆனால் கெடு முடிந்த பிறகு கேட்பவரைவிட, இரண்டு வாரம் முன்னால் கேட்பவருக்கு அவர்கள் யோசித்துப் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

பி.எஃப். கட்டம் மட்டும் அதன் பிறகும் காலியாகவே இருந்தது. ஆகஸ்ட்டில் `Mark Exit` திறந்ததும், மே 30 என்று அந்தப் பெண்ணே பதிந்தார். அடுத்த வேலை மாறும்போது முதலில் பார்க்கப்போவது அந்தக் கட்டத்தைத்தான்.